குற்றவாளிக்கு இல்லாத 'அ'

"நோ புஸ்காமோஸ் குல்பாப்லெஸ், புஸ்காமோஸ் அ நுயெஸ்த்ரோஸ் இஹோஸ்."

மெக்சிகோவில் காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளைத் தேடி அலையும் தாய்மார் இப்படியொரு வசனத்தை அடிக்கடி சொல்வார்கள். ஆளுக்காள் சொற்கள் கொஞ்சம் மாறும், வசனத்தின் அமைப்பு மாறாது. நாங்கள் குற்றவாளிகளைத் தேடவில்லை, எங்கள் பிள்ளைகளைத் தேடுகிறோம் என்பது பொருள். அவர்களுக்கு அங்கே 'மாத்ரேஸ் புஸ்கதோராஸ்', தேடும் தாய்மார் என்று பெயர். 2022 மே மாதத்தில் அந்த நாட்டின் உத்தியோகபூர்வப் பதிவேட்டில் காணாமல் போனோர் தொகை 100,000ஐத் தாண்டியது. அரசு தேடாத இடத்தில் இவர்கள் மண்வெட்டியோடு போய்த் தேடுகிறார்கள்.

போன வருஷம் நானும் ஒரு சிநேகிதியும் சேர்ந்து இந்தத் தாய்மாரைப் பற்றிய ஒரு சின்ன ஆவணப்படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதினோம். ஊரில் ஒரு சின்னத் திரையிடலுக்காக. இரண்டு வருஷமாக நான் இணையவழி ஸ்பானிய மொழி படிக்கிறேன். ரீச்சர் குவாதலஹாராவில இருக்கிறா. எங்களுக்கு இரவு ஏழு மணி எண்டால் அவவுக்குக் காலை ஏழரை. படத்தில் ஒரு தாய் மேலே உள்ள வசனத்தைச் சொல்கிற இடம் மூன்று விநாடிதான். அதிலே எங்களுக்கு ஒரு முழுப் பின்னேரம் போனது.

காரணம் அந்த 'அ'. வசனத்தைத் திரும்பப் பாருங்கோ. 'புஸ்காமோஸ்', அதாவது 'தேடுகிறோம்' என்ற வினை இரண்டு தரம் வருகிறது. குற்றவாளிகளும் மனிதர், பிள்ளைகளும் மனிதர். ஆனால் 'குல்பாப்லெஸ்' என்பதற்கு முன்னால் எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கு முன்னால் மட்டும் ஒரு 'அ' நிற்கிறது.

ஸ்பானிய மொழி படிக்கத் தொடங்கும் யாருக்கும் முதல் சில மாதங்களிலேயே இந்த 'அ' அறிமுகமாகிவிடும். 'வேயோ லா காஸா', வீட்டைப் பார்க்கிறேன். 'வேயோ அ மரியா', மரியாவைப் பார்க்கிறேன். செயப்படுபொருள் ஆளாக இருந்தால் முன்னுக்கு 'அ' போடு, பொருளாக இருந்தால் போடாதே. பாடப்புத்தகங்கள் இதை ஆளுக்குரிய 'அ' என்று சொல்லி, நாலு பயிற்சி தந்து, அடுத்த பாடத்துக்குப் போய்விடும். உயர்திணை, அஃறிணை என்று சின்ன வகுப்பிலேயே படித்த எங்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாகவே தெரியாது. உயர்திணைக்கு உருபு உண்டு, அஃறிணைக்கு இல்லை, அவ்வளவுதான் எண்டு போய்விடலாம்.

தமிழ் ஆட்களுக்கு உண்மையில் இடறுவது வேறொரு இடத்தில். எங்கட 'ஐ' குறிப்பிட்ட பொருளுக்கும் வரும். நாங்கள் கதவைத் திறக்கிறம், புத்தகத்தை மூடுறம், அந்தக் கடிதத்தைக் கிழிக்கிறம். ஸ்பானிய மொழியில் எந்தக் கதவு என்று விரல் நீட்டிக் காட்டினாலும் கதவுக்கு 'அ' கிடையாது. அங்கே கதவு திறக்கிறார்கள், கடிதம் கிழிக்கிறார்கள். இன்னொன்று, இந்த 'அ' எங்கள் நான்காம் வேற்றுமையின் வேலையையும் செய்கிறது. மரியாவுக்குப் புத்தகம் கொடுத்தேன் என்பதற்கும் இதே 'அ மரியா' தான். லத்தீனில் 'நோக்கி' என்ற பொருள் தந்த 'அத்' என்ற சொல்லில் இருந்து வந்தது இது. ஆகவே சொல்லுக்குச் சொல் பார்த்தால் ஸ்பானியர் மரியாவைப் பார்ப்பதில்லை, மரியாவுக்குப் பார்க்கிறார்கள்.

இனி ஆள் இருந்தும் 'அ' இல்லாத இடங்களுக்கு வருவோம். ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள்: 'ஸெ புஸ்கா கொஸினேரா'. சமையல்காரி தேவை. சமையல்காரி மனிசிதான், ஆனால் 'அ' இல்லை. ஏனென்றால் அந்த மட்டையை எழுதுகிற நேரத்தில் அப்படி ஒரு குறிப்பிட்ட ஆள் எழுதியவருடைய மனதில் இல்லை. நாளைக்கு யார் வந்து நிற்கிறாரோ அவர்தான் சமையல்காரி. இதே கடையில் வேலைக்குச் சேர்ந்த சமையல்காரி ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் விட்டால் முதலாளி சொல்வது 'புஸ்கோ அ லா கொஸினேரா'. இப்ப அவர் தேடுவது ஒரு பெயரும் முகமும் உள்ள ஆளை.

தமிழில் இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை. வேலைக்கு ஆள் தேடுறம், வேலைக்கு வந்த ஆளைத் தேடுறம். இரண்டும் ஒன்றில்லை என்று பள்ளிக்கூடம் போகாத கிழவிக்கும் தெரியும். பொம்பிளை பார்க்கப் போறதும் பொம்பிளையைப் பார்க்கப் போறதும் அப்படித்தான். முதலாவதில் இன்னும் யாரும் இல்லை, தரகர் கொண்டு வந்த சாதகக் குறிப்புத்தான் இருக்கிறது. இரண்டாவதில் பொம்பிளை நிச்சயமாகிவிட்டா. சாதாரண தர இலக்கணத்தில் 'இரண்டாம் வேற்றுமைத் தொகை' என்று பாடமாக்கி, பரீட்சையோடு மறந்து போன சங்கதி இதுதான். உருபு மறைந்து நிற்கிறது என்று மட்டும் சொல்லித் தந்தார்கள். ஏன் மறைகிறது, மறைந்தால் என்ன மாறுகிறது என்று எங்கட வகுப்பில் யாரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

ஸ்பானிய மொழி ஒரு படி மேலே போய், பின்னால் வரும் வினையின் வடிவத்தையும் இதோடு சேர்த்து மாற்றும். 'புஸ்கோ உனா கொஸினேரா கே ஸேபா...' என்றால் இன்னது செய்யத் தெரிந்த சமையல்காரி ஒருத்தி வேணும், அப்படி யாரும் இருந்தால் நல்லது. 'புஸ்கோ அ உனா கொஸினேரா கே ஸாபே...' என்றால் அப்படித் தெரிந்த ஒருத்தி இருக்கிறா, அவவைத்தான் தேடுகிறேன். 'ஸேபா', 'ஸாபே' இரண்டும் 'தெரியும்' என்ற ஒரே வினைதான். முதலாவது, இருக்கோ இல்லையோ தெரியாத ஒன்றை விரும்பிக் கேட்கும் வடிவம். இரண்டாவது, இருப்பதை இருப்பதாகச் சொல்லும் வடிவம். 'அ' இல்லாததும் 'ஸேபா'வும் ஒரு பக்கம், 'அ'வும் 'ஸாபே'யும் மறுபக்கம். தேடுகிற ஆள் உலகத்தில் இருக்கிறார் என்று சொல்பவர் எடுத்துக்கொண்டாரா இல்லையா என்பதை வசனத்தின் இரண்டு இடங்களில் காட்டுகிறார்கள்.

சில வினைகளில் இந்த ஒற்றை எழுத்து பொருளையே மாற்றிப் போடும். 'கியேரோ உன் இஹோ' என்றால் எனக்கொரு மகன் வேணும், பிள்ளை இல்லாத ஒருத்தியின் ஆசை. 'கியேரோ அ மி இஹோ' என்றால் என் மகனில் எனக்கு அன்பு. வேண்டுதலும் அன்பும் ஒரே வினை. இல்லாத பிள்ளைக்கு 'அ' இல்லை, இருக்கிற பிள்ளைக்கு உண்டு.

'தெனேர்', அதாவது வைத்திருத்தல் என்ற வினையில்தான் நான் கூட நேரம் நின்றேன். அந்தப் படத்திலே அது வருகிறது. அந்தத் தாய் தன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்போது 'தேங்கோ த்ரெஸ் இஹோஸ்' என்கிறா. எனக்கு மூண்டு பிள்ளையள். இங்கே 'அ' வராது, யார் சொன்னாலும் வராது. பிள்ளைகளின் தொகையைச் சொல்வது குடும்பத்தின் கணக்கைச் சொல்வது. யாரையும் தனியாகச் சுட்டவில்லை. கொஞ்சம் பொறுத்து, அதே வினையைத் திரும்ப எடுக்கிறா: 'தேங்கோ அ மி இஹோ தெஸபரெஸீதோ'. என் மகன் காணாமல் போயிருக்கிறான். இந்த வினைக்குப் பிறகு 'அ' வருவது இப்படியான இடத்தில்தான். ஏற்கெனவே இருக்கிற ஒருவர் இப்போது என்ன நிலையில் இருக்கிறார் என்று சொல்லும்போது. மகன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றாலும், அம்மா வருத்தமாய் இருக்கிறா என்றாலும் இப்படித்தான் சொல்வார்கள்.

இந்த இரண்டு வசனத்தையும் தமிழில் எழுதும்போது அந்த வித்தியாசம் கரைந்து போனது. 'எனக்கு மூண்டு பிள்ளையள்' என்பதில் செயப்படுபொருளே இல்லை, 'ஐ' வர இடமும் இல்லை. 'என்ர மகன் காணாமல் போயிட்டான்' என்பதில் மகன் எழுவாயாகிவிட்டான். செய்வதற்கு ஒன்றும் இல்லை. அப்படியே விட்டோம்.

'குறிப்பிட்ட ஆள் எண்டால் அ, இல்லையெண்டால் இல்லை' என்ற விதி இந்த இடத்தோடு அழகாக முடிந்தால் நல்லாயிருக்கும். ஆனால் முடியாது. 'யாரோ ஒருவர்' என்பதற்கு 'அல்கியேன்', 'ஒருவரும் இல்லை' என்பதற்கு 'நாதியே'. இவற்றைவிடக் குறிப்பில்லாத ஆட்கள் இருக்க முடியுமா? ஆனால் இவற்றுக்கு 'அ' கட்டாயம். 'புஸ்கோ அ அல்கியேன்', யாரையோ தேடுகிறேன். 'நோ வேயோ அ நாதியே', ஒருவரையும் காணவில்லை. இல்லாத ஆளுக்கும் 'அ'! தமிழும் அப்படியே செய்கிறது, கவனித்தீர்களா? 'ஒருத்தரையும் காணேல்ல' என்போம், 'ஒருத்தரும் காணேல்ல' என்று எழுவாய்போல விட்டால் பொருள் மாறிவிடும். மனிதரை மட்டுமே குறிக்கப் பிறந்த சொற்கள் இவை. அவற்றுக்கு மனிதத் தன்மையே போதும், குறிப்பான ஆளாக இருக்க வேண்டியதில்லை. 'சமையல்காரி', 'வைத்தியர்' போன்றவை அப்படியல்ல. அவை ஒரு வேலையின் பெயராகவும் நிற்கலாம், அந்த வேலையைச் செய்யும் ஆளாகவும் நிற்கலாம். எதுவாக நிற்கிறது என்று சொல்லத்தான் அங்கே 'அ' தேவைப்படுகிறது.

வினையும் இதில் கை வைக்கும். வணங்குதல், ஏசுதல், தண்டித்தல் போன்றவை ஆளின் மேல் நேரே போய் விழுகிற வினைகள். முன்பின் தெரியாத ஒருவருக்கு வணக்கம் சொன்னாலும் அங்கே 'அ' வரும். இருப்பதைச் சொல்லும் 'hay' என்ற வினைக்குப் பிறகோ ஒருபோதும் வராது. அதன் உச்சரிப்பு 'ஐ' என்பது ஒரு வேடிக்கை, எங்கட இரண்டாம் வேற்றுமை உருபே வந்து நிற்கிறது போல இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய இழுபறி நிலம் இருக்கிறது. 'ஒரு வைத்தியரைத் தெரியும்', 'நிறையப் பிள்ளைகளைப் பார்த்தேன்' போன்ற வசனங்களை 'அ'வோடும் சொல்கிறார்கள், இல்லாமலும் சொல்கிறார்கள். ஸ்பானிய அக்கடமிகள் சேர்ந்து 2009இல் வெளியிட்ட பெரிய இலக்கண நூலும் இந்த நிலத்தில் கட்டளை போடாமல், எது எங்கே கூட வருகிறது என்று விரித்துத்தான் சொல்கிறது. இலக்கணம் படிப்பவர்களுக்கு எரிச்சல், எனக்குப் பிடித்திருக்கிறது. பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஆளில் மட்டும் இழுபறியே கிடையாது. 'அ மரியா', 'அ மி மத்ரே', 'அ நுயெஸ்த்ரோஸ் இஹோஸ்'. இதில் 'அ'வை விட்டால் வசனம் பிழை, வேறு பேச்சில்லை.

இப்ப முதல் வசனத்துக்கு வரலாம். ரீச்சரிடம் நான் கேட்டது இதுதான்: குற்றவாளிகள் உண்மையில் இருக்கிறார்கள்தானே? யாரோ கொண்டு போனதால்தானே பிள்ளைகள் இல்லை? பிறகு ஏன் 'அ' இல்லை?

"இருக்கிறார்கள். 'அ லோஸ் குல்பாப்லெஸ்' என்றும் அந்தத் தாய் சொல்லியிருக்கலாம், இலக்கணப் பிழை இல்லை" என்றா ரீச்சர். "ஆனால் அப்படிச் சொன்னால், இன்னார்தான் செய்தது, அவர்களை நாங்கள் இப்ப தேடவில்லை என்ற மாதிரிக் கேட்கும். 'அ' இல்லாமல் சொல்லும்போது அவவுக்கு அப்படி ஆட்களே மனசில் இல்லை. குற்றவாளி தேடுவது எங்கள் வேலையே இல்லை என்கிறா."

அது வெறும் இலக்கண நயம் இல்லை என்பதையும் ரீச்சர்தான் சொன்னா. பிள்ளைகளைப் புதைத்தவர்களின் ஆட்கள் இன்னும் அந்த ஊர்களிலேயே இருக்கிறார்கள். தேடப் போன தாய்மார் சிலர் கொல்லப்பட்டிருக்கிறார்கள். உங்களில் யாரையும் காட்டிக் கொடுக்க வரவில்லை, எங்களைத் தோண்ட மட்டும் விடுங்கள் என்று அவர்களுக்கும் கேட்கும்படி சொல்கிற வசனம் அது. ஆயுதத்தோடு நிற்பவருக்கு முன்னால் அவரை ஆளாகச் சுட்டாமல் பேசுவது பாதுகாப்பு. ஆகவே அங்கே 'அ' இல்லாமல் இருப்பதுதான் சரி. அடுத்த சொல்லிலேயே பிள்ளைகளுக்கு 'அ' வருகிறது. பிள்ளைகள் யார் யாரென்று அவர்களுக்குத் தெரியும். பெயர், வயது, கடைசியாகப் போட்டிருந்த சேட்டின் நிறம் வரை தெரியும்.

சப்டைட்டிலில் என் சிநேகிதி முதலில் எழுதியிருந்தது: 'நாங்கள் குற்றவாளிகளைத் தேடவில்லை, எங்கள் பிள்ளைகளைத் தேடுகிறோம்.' சுத்தமான தமிழ், ஒரு குறையும் சொல்ல ஏலாது. ஆனால் இரண்டு பக்கமும் 'ஐ' வந்து, இரண்டு கூட்டமும் ஒரே அளவுக்கு ஆட்களாகிவிட்டன. சரி, 'ஐ'யை எடுத்துவிட்டு 'குற்றவாளிகள் தேடவில்லை' என்று போடலாமா? போட்டால் குற்றவாளிகள் எதையோ தேடவில்லை என்று தலைகீழாகப் போய்விடுகிறது. ஸ்பானிய மொழியில் உருபு இல்லாத பன்மை சாதாரணம். தமிழில் ஆட்களைக் குறிக்கும் சொல்லில் 'கள்' வந்துவிட்டால் 'ஐ'யும் கூடவே வரப் பார்க்கும். உருபு இல்லாமல் நிற்க வேணுமென்றால் ஒருமையாக, வினையோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேணும். ஆள் தேடு, பொம்பிளை பார், கள்ளன் பிடி என்கிற மாதிரி. அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துபோட்டு, "அப்ப குற்றவாளி தேடி எண்டு போடன்" எண்டாள்.

'நாங்கள் குற்றவாளி தேடி வரேல்ல. எங்கட பிள்ளையளைத் தேடி வந்தனாங்கள்.'

அப்படியே வைத்தோம். பேச்சுத் தமிழ் திரையில் வரக்கூடாது என்று பிறகு ஒருவர் குறை சொன்னார். எழுத்துத் தமிழில் இது வராது என்பதுதான் எங்கள் பதில்.

படத்தில் இன்னும் ஒரு இடம் இருந்தது. மெக்சிகோவில் காணாமல் போனவர்களுக்காக ஒட்டும் அறிவித்தல்கள் பலவற்றில் மேலே 'அஸ் விஸ்தோ அ' என்று பெரிதாக இருக்கும், கீழே படம், அதற்குக் கீழே பெயர். '...ஐக் கண்டீர்களா?' என்று கேட்கிறார்கள். 'அ' முன்னுக்கு வருகிற உருபு என்பதால் தலைப்பு அதோடு நின்றுவிடலாம், பெயர் மட்டும் மாறிக்கொண்டிருக்கும். தமிழில் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது. ஒவ்வொரு பெயராக எழுதி ஒவ்வொன்றுக்கும் 'ஐ' சேர்த்தோம். கமரா ஒரு சுவரில் மெதுவாக நகர்கிற காட்சி, பதினொரு அறிவித்தல். பதினொரு 'ஐ'.

கடைசியாக, பிரேதம். 'குவேர்போ', உடல், என்பது ஸ்பானிய மொழியில் பொருள்தான், அதற்கு 'அ' வராது. அதிகாரி ஒருவர் படத்தில் சொல்வது 'என்கொந்த்ரமோஸ் உன் குவேர்போ', ஒரு உடல் கண்டெடுத்தோம். ஆனால் இறந்தவரைப் பெயராலோ உறவாலோ சொன்னால் 'அ' திரும்பி வந்துவிடும். இறந்து போனவர் என்பதற்காக அது போவதில்லை. அப்பாவைப் புதைத்தார்கள் என்பதற்கு 'அ' உண்டு, பிரேதத்தைப் புதைத்தார்கள் என்பதற்கு இல்லை. நாலு வருஷம் தேடிய இன்னொரு தாய், மரபணுப் பரிசோதனை முடிவு வந்த அன்றைக்குச் சொல்கிறா: 'என்கொந்த்ரே அ மி இஹோ.'

தமிழுக்கு இதில் ஒரு கரைச்சலும் இருக்கவில்லை. 'என்ர மகனைக் கண்டுபிடிச்சிட்டன்' எண்டு எழுதினோம்.